குடவோலைச் சாசனம் எதற்குச் சாட்சி?

வணக்கம் சேர். நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிக்கிறேன். மூலாதார வினாவில் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனத்தில் ஒரு பகுதியைத் தந்து, “சோழர் காலக் கிராம நிர்வாகத்தை அறிய இது எந்தளவுக்கு உதவும்?” என்று கேட்கிறார்கள். குடவோலை முறை, வாரியங்கள், தகுதிகள் எல்லாம் எழுதுகிறேன். “விபரணமாக உள்ளது” என்று எழுதிப் பாதிப் புள்ளிதான் போடுகிறார்கள். எங்கே பிழைக்கிறேன்?

தம்பி, உங்கள் விடையை எடுத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். வினாத்தாளில் தந்த சாசனப் பகுதியை மறைத்துவிட்டு விடையை மட்டும் வாசியுங்கள். அப்போதும் அது குறையில்லாமல் நிற்கிறதென்றால், நீங்கள் எழுதியது சோழர் நிர்வாகம் பற்றிய கட்டுரை. பரீட்சகர் கேட்டது வேறு. ஒரு கல் முன்னால் இருக்கிறது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல அதற்கு உரிமை இருக்கிறது, எந்த இடத்தில் அதன் பேச்சு நின்றுவிடுகிறது என்று கேட்கிறார். குடவோலை முறையை ஒப்புவிப்பது இதில் கால்வாசி வேலைதான்.

ஆகவே முறை பற்றிப் பொதுவாகச் சொல்லாமல் இந்தச் சாசனத்தையே எடுத்து, எப்படிக் கையாளலாம் என்று காட்டுகிறேன்.

முதலில் இது என்ன வகை ஆவணம் என்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள உத்தரமேரூரில், வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனுடைய இரண்டு சாசனங்கள் இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, மற்றது 14ஆம் ஆட்சியாண்டு. பராந்தகன் 907இல் பட்டத்துக்கு வந்தான் என்று கொண்டால் அவை 919, 921. பரீட்சைக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது, அதுதான் விரிவானது. கோயில் சுவரில் இருப்பதால் இதைக் கோயில் ஆவணம் என்று எழுதிவிடாதீர்கள். இதில் தெய்வத்துக்குத் தானம் எதுவும் இல்லை. விளக்கெரிக்க ஆடு விட்ட செய்தியும் இல்லை. ஊர்ச் சபை தனக்குத்தானே விதித்துக்கொண்ட விதி இது. சபை கூடிய மண்டபம் அந்தக் கட்டடத்தோடு சேர்ந்தது என்று ஆய்வாளர் கருதுவதால், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் விதியை வெட்டி வைத்தார்கள் என்று கொள்ளலாம்.

தொடக்க வரிகளில் நாலு செய்தி இருக்கிறது. “மதிரை கொண்ட கோப்பரகேசரி” என்று அரசன். “காலியூர்க் கோட்டத்து” என்று இடம். “உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்து சபையோம்” என்று பேசுபவர். பிறகு, அரசனுடைய ஸ்ரீமுகம், அதாவது திருமுக ஆணை, வந்ததும், அதன்படி சோழநாட்டிலிருந்து வந்த சோமாசிபெருமான் என்ற ஒருவர் உடனிருந்ததும். அதற்குப் பிறகுதான் விதிகள் தொடங்குகின்றன. மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த முகவுரையைத் தாண்டிக் குதித்து நேரே “குடும்பு முப்பது” என்ற இடத்துக்குப் போய்விடுவார்கள். பரீட்சகர் அந்த வரிகளை வெட்டாமல் வினாத்தாளில் விட்டு வைத்திருந்தால் அது சும்மா இல்லை.

“சபையோம்” என்ற தன்மைப் பன்மையைக் கவனியுங்கள். ஊரார் எல்லோரும் பேசவில்லை; சபை பேசுகிறது. அந்தச் சபை ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை, அதாவது பிராமணருக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊரின் நிலவுடைமையாளர் அவை. இதை முதல் பந்தியிலேயே எழுதி வையுங்கள். பின்னால் வரம்புகளைப் பற்றிப் பேசும்போது இதுதான் கைகொடுக்கும்.

இனி விதிகளுக்குள் போவோம். ஊர் முப்பது குடும்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குடும்பு என்பது இங்கே வட்டாரம் போன்ற ஒரு பிரிவு. அந்தந்தக் குடும்பார் கூடித் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுத வேண்டும். தகுதி என்ன? “காநிலத்துக்கு மேல் இறைநிலம்”, அதாவது கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் கட்டிய வீடு. வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வேதப் பயிற்சி. நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கத் தெரிந்தவரானால் அவருக்கும் இடமுண்டு. (கால் வேலி எத்தனை பரப்பு என்று மாற்றி எழுதப் போகாதீர்கள். வேலியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது; அதில் கிடைக்கும் புள்ளி ஒன்றுமில்லை.)

அதன்பின் ஓலைகளைக் குடும்பு குடும்பாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடிய சபையின் நடுவில், அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் விடாமல் உள்ளே இருக்க, அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பிக்கிறார்கள். அதை வேறொரு வெறுங்குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலைக்கிறார்கள். மறுபடி அந்தப் பாலன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் உறுதியாகிறது.

இந்தக் காட்சியை ரியூஷன் குறிப்புகளில் “நேர்மையான தேர்தல் முறை” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். உங்களுக்குப் புள்ளி வர வேண்டிய இடமே இதுதான். விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? விரல் இடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிக் கொடுக்க வழி உண்டு என்று சபைக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவர் வாசித்ததை ஏன் மற்றவர்களும் வாசிக்க வேண்டும்? இருக்கும் பெயரை விட்டு வேறு பெயரை வாசித்துவிடலாம் என்ற பயம். எழுத்து விளங்காத வயதுப் பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் அதே பயத்தினால்தான். நடந்த மோசடி ஒன்றைப் பற்றிய வழக்கு இந்தச் சாசனத்தில் இல்லை. ஆனால் மோசடி எந்த எந்த வழியால் வரலாம் என்று நன்கு தெரிந்தவர்கள் எழுதிய விதி இது. ஒரு விதியை ஆதாரமாகக் கொள்ளும்போது, அது தடுக்க நினைத்த செயலைத் தேடுங்கள்.

தகுதியற்றவர் பட்டியலை இதே முறையில் வாசித்தால் இன்னும் அதிகம் கிடைக்கும். பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், உண்ணக்கூடாததை உண்டவர் என்றெல்லாம் பல பேர் அதில் வருகிறார்கள். ஆனால் முதலில் நிற்பவர் யார் தெரியுமா? எந்த வாரியமாவது செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர். அதோடு விடவில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள்; அத்தை, மாமன் மக்கள்; உடன்பிறந்தவர்; மாமனார்; மனைவியின் சகோதரர்; சகோதரியின் கணவர்; சகோதரியின் மகன்; மருமகன்; தகப்பன்; மகன் என்று உறவுமுறை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எண்ணி, இவர்களுடைய பெயரும் குடத்தில் விழக்கூடாது என்று விதிக்கிறது.

இவ்வளவு நீளமான உறவுப் பட்டியலைக் கல்லில் வெட்டக் கூலி கொடுத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்க வேண்டும். கணக்குக் கொடுக்காமல் தட்டிக்கழித்த ஒருவர், தான் விலகி மைத்துனரையோ மருமகனையோ வாரியத்துக்குள் அனுப்பி, பழைய கணக்கை மூடி வைக்கப் பார்ப்பார். இந்த ஓட்டையை அடைக்கத்தான் பட்டியல். அப்படியானால் வாரியப் பதவி கையில் பொருள் புழங்கிய பதவி என்றும், அது சில குடும்பங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஆபத்து இருந்தது என்றும் நாங்கள் ஊகிக்கலாம். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவரை மறுபடி எடுக்கக்கூடாது என்ற விதியும், பதவிக்காலம் 360 நாள் என்ற வரம்பும், பதவியில் இருக்கும்போதே குற்றம் கண்டால் உடனே விலக்க வேண்டும் என்ற விதியும் இந்த ஊகத்தோடு ஒத்துப்போகின்றன.

ஆனால் “ஊகிக்கலாம்” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். “உத்தரமேரூரில் ஊழல் மலிந்திருந்தது” என்று எழுதினால் சாசனம் சொல்லாததைச் சொன்னதாகும். “கணக்குக் கொடுக்காமை சபைக்குப் பெரிய கவலையாக இருந்தது” என்பது சாசனம் தாங்கக்கூடிய கூற்று. நல்ல விடைக்கும் நடுத்தர விடைக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் பல தடவை இந்த ஒரு சொல்லின் அளவுதான்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழும், அதை நீங்களே எழுப்பிவிடுவது நல்லது. இது விதிதானே, நடைமுறை என்று எப்படிச் சொல்வது? நடக்க வேண்டியது என்று எழுதி வைத்ததெல்லாம் நடந்ததற்குச் சாட்சியாகாது. உண்மை. ஆனால் உத்தரமேரூரில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், இரண்டு சாசனம் இருப்பது. 919இல் வயது 30க்கும் 60க்கும் இடையில் என்று வைத்தவர்கள், 921இல் அதை 35க்கும் 70க்கும் இடையில் என்று மாற்றுகிறார்கள். விலக்கப்பட்டவர் பட்டியலும் விரிகிறது. தெரிவுமுறையும் படிப்படியாக எழுதப்படுகிறது. இரண்டு ஆண்டுக்குள் ஒரு விதியைத் திருத்தி, மறுபடி கூடி, மறுபடி கல்லில் வெட்டுவது வெறும் அலங்காரத்துக்கு இருக்காது. முதல் விதியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள், அது போதவில்லை என்பதே இயல்பான விளக்கம். நீலகண்ட சாஸ்திரி முதலானோரும் இப்படித்தான் வாசித்தார்கள். இது நேரடிச் சான்று அல்ல, சூழ்நிலைச் சான்று, அப்படியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு துணைச் சான்றும் உண்டு. உத்தரமேரூரில் இந்த இரண்டு மட்டும் இல்லை. பல்லவர் காலம் தொடங்கிச் சாசனங்கள் பல இருக்கின்றன. அங்கே இருந்த வயிரமேக தடாகம் என்ற பெரிய ஏரியைத் தூர் வாருவதற்காக ஆட்கள் பொருள் வைத்த சாசனங்களில், அந்தப் பொறுப்பு ஏரிவாரியப் பெருமக்களிடம் கொடுக்கப்படுகிறது. அங்கே ஏரிவாரியம் ஒரு விதியின் பெயராக வரவில்லை. பொருளை வாங்கி வேலை செய்விக்க வேண்டிய ஆட்களாக வருகிறது. விதி ஒரு சாசனத்தில், அந்த விதி பேசும் அமைப்பு வேறொரு சாசனத்தில் வேலை செய்துகொண்டு இருக்கிறது. இப்படி இரண்டைப் பொருத்திக் காட்டினால் உங்கள் விடை விபரணத்தைத் தாண்டிவிடும்.

வாரியங்களின் எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தெரிவான முப்பது பேரில், முன்பு தோட்டவாரியமும் ஏரிவாரியமும் செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் சம்வத்சரவாரியத்துக்கு எடுக்கிறார்கள், பன்னிரண்டு பேர். தோட்டத்துக்குப் பன்னிரண்டு, ஏரிக்கு ஆறு. பஞ்சவாரம், பொன் என்ற வாரியங்களுக்கு வேறாகக் குடவோலை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சம்வத்சரவாரியத்துக்குப் போக முன் அனுபவம் பார்க்கப்பட்டது. குருட்டுச் சீட்டு மட்டும் அங்கே ஆளவில்லை.

இப்போது மிகவும் விவாதத்துக்குரிய இடத்துக்கு வருவோம். ஊர் தன்னைத்தானே ஆண்டதா, அரசன் ஆண்டானா? “சோழர் காலத்தில் கிராமங்கள் சுயாட்சியோடு இருந்தன” என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அதை எழுதுவதற்கு முன் முகவுரையை மறுபடி பாருங்கள். ஸ்ரீமுகம் வந்தது; அதன் ஆணைப்படி அரசனுடைய ஆள் ஒருவர் உடனிருந்தார். 919இல் இருந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான், 921இல் சோமாசிபெருமான். இரண்டு தடவையும் வெளியே இருந்து வந்த ஆள். அதே நேரம், விதியைச் செய்தது யார் என்ற கேள்விக்குச் சாசனம் “வியவஸ்தை செய்தோம், சபையோம்” என்கிறது. எழுதியவரும் அரச அலுவலர் அல்ல, அந்த ஊர் மத்தியஸ்தன். பெருமக்கள் பணிக்க எழுதியதாகச் சொல்கிறார்.

இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்தால் சுயாட்சி வரும். மறுபாதியை மட்டும் எடுத்தால் மத்திய அதிகாரம் வரும். நீலகண்ட சாஸ்திரி வலிமையான அரசையும் உயிர்ப்புள்ள ஊரவையையும் சேர்த்தே கண்டார். பர்ட்டன் ஸ்டெய்ன் அரசனுடைய நேரடி அதிகாரம் மையப்பகுதிக்கு வெளியே மெலிந்தது என்று வாதிட்டார். சுப்பராயலு, கராஷிமா போன்றவர்கள் ஆயிரக்கணக்கான சாசனங்களை எண்ணிக் கணக்கிட்டு, அரசின் பிடி காலத்துக்குக் காலம் மாறியதைக் காட்டினார்கள். பரீட்சையில் இவர்களுடைய பெயரை அடுக்குவதால் பெரிய பயன் இல்லை. ஒரு பெயரை எடுத்து, “இந்தச் சாசனத்தின் இந்த வரி அவருடைய கருத்துக்கு இடம் கொடுக்கிறது, இந்த வரி கொடுக்கவில்லை” என்று காட்டினால் பயன் உண்டு. என் அபிப்பிராயம் கேட்டால், அரசன் விதியின் உள்ளடக்கத்தை எழுதிக் கொடுத்ததாக இந்தச் சாசனத்தை வைத்து நிறுவ முடியாது. ஆனால் சபை தன் விதிக்கு அரச முத்திரையைத் தேவையாக நினைத்தது என்று நிறுவலாம். பக்கத்திலே அரசனுடைய ஆள் இருந்து செய்த விதியை, கணக்குக் காட்டாதவனுடைய மைத்துனன் இலேசில் எதிர்க்கமாட்டான்.

அடுத்தது, இந்த ஒரு ஊரிலிருந்து எத்தனை ஊருக்குப் பேசலாம் என்பது. இங்கேதான் முதல் பந்தியில் எழுதி வைத்த சதுர்வேதிமங்கலம் வேலை செய்யும். சோழநாட்டு ஊர்களில் பெரும்பாலானவை பிரமதேயம் இல்லை. வேளாளர் வாழ்ந்த வெள்ளான்வகை ஊர்களில் இருந்த அவைக்கு “ஊர்” என்றே பெயர். வணிகர் குடியிருப்பில் “நகரம்”. இவற்றுக்கு மேலே “நாடு”. உத்தரமேரூர் விதிகளில் வேதப் பயிற்சி ஒரு தகுதி. வெள்ளான்வகை ஊரில் அந்தத் தகுதிக்கே அர்த்தம் இல்லை. ஆகவே இந்த விதியை அப்படியே தூக்கி எல்லாக் கிராமத்துக்கும் போட முடியாது.

கராஷிமா திருச்சிராப்பள்ளிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டை ஒப்பிட்டார். ஈசானமங்கலம் பிரமதேயம், அங்கே நிலம் தனியாள் பெயரில் கைமாறுகிறது. அல்லூரில் ஊராகச் சேர்ந்து நிலத்தைக் கையாள்கிறார்கள். இவ்வளவு கிட்ட இருந்த இரண்டு ஊரிலேயே நிலவுரிமை இப்படி வேறுபட்டால், நிலவுரிமையைத் தகுதியாக வைத்த ஒரு நிர்வாக முறை இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது என்று எப்படிச் சொல்வது? இந்த ஒரு உதாரணம் போதும். வேறு பத்து ஊரின் பெயரைப் பாடமாக்க வேண்டாம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பிரமதேய ஊர்களுக்குள்ளாவது இது தனியொரு ஊரின் விசித்திரம் இல்லை. பாண்டிநாட்டில், திருநெல்வேலிப் பக்கம் மானூரில், கி.பி. 800ஐ ஒட்டிய ஒரு சாசனம் சபை உறுப்பினருக்கு நிலம், கல்வி, நல்லொழுக்கம் என்று தகுதி விதிக்கிறது. பராந்தகனுக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது, வேறு அரசு. ஆகவே “சபைத் தகுதி விதிகளைச் சோழர் கண்டுபிடித்தார்கள்” என்றும் எழுத வேண்டாம், “உத்தரமேரூரில் மட்டும்தான்” என்றும் எழுத வேண்டாம். மானூரில் தகுதி விதி உண்டு. ஆனால் குடமும் ஓலையும் அங்கே சொல்லப்படவில்லை. ஒப்பிடும்போது இந்த எல்லையை மதிக்க வேண்டும்.

பேசாதவர்கள் பக்கம் குறைந்த நேரம் போதும். கால் வேலி நிலம் இல்லாதவர், குடியானவர், கூலியாள், பெண்கள் இந்தச் சாசனத்தில் நிர்வாகிகளாக வரவில்லை. அன்றாடக் கணக்கும் வழக்கும் ஓலையில் இருந்திருக்கும், அவை அழிந்தன. நிலைத்து நிற்க வேண்டும் என்று சபை நினைத்ததுதான் கல்லில் ஏறியது. அதனால் ஊர் எப்படி நாளாந்தம் நடந்தது என்பதைவிட, எந்த விஷயத்தில் சபை பின்வரும் தலைமுறையைக் கட்டிப்போட விரும்பியது என்பதற்கே கல் நல்ல சாட்சி.

எங்கள் பக்கத்துச் சாசனம் ஒன்றோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் இருக்கிறது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும். யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் கால்வாசி பண்டாரத்துக்கு, முக்கால்வாசி உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவந்த கலம் கெட்டால் சரிபாதி என்று அது விதிக்கிறது. இதுவும் கோயிலில் இருக்கும் கல்தான். ஆனால் பேசுபவன் அரசன், கேட்பவர் துறைக்கு வரும் வணிகர், விஷயம் கடல் வணிகம். நயினாதீவுக் கிராமத்தை யார் நிர்வகித்தார் என்று இதில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கல் எங்கே நடப்பட்டது என்பதைக் கொண்டு அது எதற்குச் சாட்சி என்று தீர்மானிக்கக்கூடாது. கிராம அவைக்கு இலங்கையில் நெருங்கிய உதாரணம் வேண்டுமென்றால் கந்தளாய்ப் பக்கம் போக வேண்டும். சோழர் காலத்தில் அது இராசராசச் சதுர்வேதிமங்கலம். அங்கேயும் பிரமதேயம்தான் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி எழுதும் முறை. வாரியத் தகுதியும் கணக்குக் காட்டாதவர் பகுதியும் வினாவில் வந்திருக்கிறது என்று வைத்து, நடுப் பந்தி ஒன்றை இப்படி எழுதலாம்:

“வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினர் பலரையும் தெரிவிலிருந்து விலக்குவதாக இச்சாசனம் கூறுகிறது. உறவுமுறைகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்படுவதால், வாரியப் பொறுப்பு ஒரே குடும்ப வட்டத்துக்குள் சுழல்வதையும் அதன்வழி கணக்கு மறைக்கப்படுவதையும் சபை தடுக்க முயன்றது எனக் கருதலாம். இது விதியைக் கூறும் சாசனமாதலால், விதி மீறப்படாமல் நடந்தது என்பதற்கு இது தனித்துச் சான்றாகாது. எனினும் 919ஆம் ஆண்டு விதி 921இல் திருத்தப்பட்டமை, அது நடைமுறையில் சோதிக்கப்பட்டது என்பதற்குச் சூழ்நிலைச் சான்றாகிறது. விதித்தது ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக இருப்பதால், இதனைப் பிரமதேய நிர்வாகத்துக்கு வலுவான சான்றாகவும், வெள்ளான்வகை ஊர்களுக்கு மறைமுகமான ஒப்பீடாகவும் மட்டுமே கொள்ள வேண்டும்.”

இதில் ஒவ்வொரு வாக்கியமும் முன்னதிலிருந்து எப்படி வருகிறது என்று பாருங்கள். முதல் வாக்கியம் கல் சொன்னது. இரண்டாவது எங்கள் ஊகம், “கருதலாம்” என்ற அடையாளத்தோடு. மூன்றாவது அந்த ஊகத்தின் பலவீனம். நான்காவது பலவீனத்தை ஓரளவு சரிசெய்யும் வெளிச்சான்று. கடைசி வாக்கியம் “எந்தளவுக்கு” என்ற கேள்விக்கு அளவு சொல்லும் விடை. இந்தப் பந்தியில் புதிய தகவல் என்று பார்த்தால் கொஞ்சம்தான். உங்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை.

இப்படி மூன்று பந்தி எழுதினால் போதும்: ஒன்று கணக்கும் உறவும், ஒன்று அரசனும் சபையும், ஒன்று ஊர்களின் வகை. குடவோலை எடுக்கும் காட்சியை முழுக்க விவரிக்க ஆசை வரும், அழகான காட்சி. ஆனால் வினாவில் அந்தப் பகுதி தரப்படவில்லையென்றால் இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். “ஜனநாயகம்” என்ற சொல்லையும் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். தெரிவைத் தீர்மானித்தது சீட்டு; வாக்கு எண்ணப்படவில்லை; சீட்டில் பெயர் ஏறவே நிலம் வேண்டும். அந்தச் சொல்லைப் போட்டால் இத்தனையையும் விளக்கி மீட்க வேண்டி வரும், அதற்குப் பரீட்சை மண்டபத்தில் நேரம் கிடைக்காது.

அடுத்த முறை எழுதிய விடையையும் வினாவில் வந்த சாசனப் பகுதியையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த வாக்கியம் கல்லில் நிற்கிறது, எது காற்றில் நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் தருகிறேன்.